பௌர்ணமி விடியலுக்கு ஒரு திட்டம்: சூதாட்டத்தை விட்டபின் மீண்டும் விழாதிருக்க

சூதாட்டத்தை விட்டுவிட்ட ஒருவர் பணமுடை வரும்போதுதான் மீண்டும் அதை நாடுவார் எனக் குடும்பத்தார் பொதுவாக எண்ணுகின்றனர். பணமுடை ஓர் அபாயம் என்பது உண்மையே. ஆனால் பணம் கைக்கு வரும் நாள் அதைவிடக் குறைந்த அபாயமுடையதன்று. மது அருந்தியவருக்கு மது எப்படியோ, சூதாடியவருக்குப் பணம் அப்படி. மதுக்கடையைச் சுற்றிக்கொண்டு வேறு தெருவில் செல்லலாம். பணத்தைத் தொடாமல் வாழ இயலாது. ஆகவே இந்நோய்க்கான தடுப்புத் திட்டம், பணம் எந்நாளில், எவ்வழியாக, யார் கைக்கு வருகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

இப்பாடத்தை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம். இவர் உண்மையான ஒரு நோயாளி அல்லர்; நம் ஊரின் வாழ்க்கைச் சூழலைக் கொண்டு பாடத்துக்கென அமைக்கப்பட்டவர். கிரிவலப் பாதையில் தேநீர்க் கடை நடத்துகிறார், வயது 36. மூன்று ஆண்டுகள் கைபேசியில் பணம் வைத்து ரம்மி ஆடி, 2,40,000 ரூபாய் கடனாளியானார். சிகிச்சைக்கு வந்து ஆட்டத்தை நிறுத்தி இரண்டு மாதங்கள் ஆகின்றன. சாதாரண நாளில் கடையில் 2,500 ரூபாய் புரளும். பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் பாதை முழுதும் மக்கள் நடப்பதால் 18,000 ரூபாய் வரை விற்பனையாகும். அவருடைய திட்டம் அந்த இரவுக்காகவே எழுதப்பட்டது.

வீழ்ச்சி எங்கே தொடங்குகிறது?

மீள்வீழ்ச்சி என்பது பணம் கட்டும் நொடியில் நிகழ்வதன்று. அதற்குச் சில மணி நேரம் முன்பே, சில வேளைகளில் சில நாட்கள் முன்பே, அது தொடங்கிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதனை 1980களில் விரிவாக எழுதினார். அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, சூதாட்டத்தை விட்டிருந்த ஒருவரின் கதை. அவர் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தம் ஊரான சியாட்டிலுக்குக் காரில் திரும்பினார். மலைக்காட்சி அழகாயிருக்கும் என்று நேர்வழியை விட்டு விலகினார். அவ்வழி சூதாட்டக் கூடங்கள் நிறைந்த ரீனோ நகரில் கொண்டு சேர்த்தது. வண்டி நிறுத்தச் சில்லறை வேண்டியிருந்தது. மாற்றுவதற்காகக் கூடத்துக்குள் நுழைந்தார். பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு முடிவும் தனியே பார்த்தால் குற்றமற்றது. எல்லாம் சேர்ந்து அவரை மேசைக்கு அழைத்துச் சென்றன.

நம் தேநீர்க் கடைக்காரருக்கும் அத்தகைய முடிவுகள் உண்டு. ‘மனைவி தூங்குகிறாள், பணத்தைக் காலையில் கொடுத்துக்கொள்ளலாம்.’ ‘தூக்கம் வரவில்லை, கைபேசியைச் சற்றுப் பார்ப்போம்.’ ‘பழைய கணக்கில் ஏதாவது மீதி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம்.’ இந்த மூன்று வாக்கியங்களும் அவருடைய திட்டத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்று மனத்தில் தோன்றினாலே தொலைபேசியில் அழைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

தூண்டுதல்களைக் கண்டறிதல்

தூண்டுதல்களைப் பொதுவாக ‘கவலை’, ‘நண்பர்கள்’ என்று எழுதினால் பயனில்லை. கடைசியாக ஆடிய மூன்று தடவைகளை நினைவுகூர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, எங்கே இருந்தேன், அருகில் யார் இருந்தனர், கையில் எவ்வளவு பணம் இருந்தது, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது. மூன்றிலும் பொதுவாய் வருவதே உங்கள் தூண்டுதல்.

நம் எடுத்துக்காட்டில் மூன்று வெளிப்பட்டன.

முதலாவது, பௌர்ணமி விடியல். விற்ற பணம், தூக்கமின்மை, தனிமை ஆகிய மூன்றும் காலை நான்கு மணிக்கு ஒன்றுகூடுகின்றன.

இரண்டாவது, வட்டி கட்டும் நாளுக்கு முந்தைய இரவு. ‘ஒரே ஆட்டத்தில் அடைத்துவிடலாம்’ என்ற எண்ணம் அப்போது எழுகிறது. இழந்ததை ஆடியே மீட்க முயல்வது இந்நோயின் முக்கிய அறிகுறிகளுள் ஒன்று. அது கணக்கன்று, நோயின் குரல்.

மூன்றாவது, அழைப்புகள். தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் மூன்று எண் லாட்டரி மறைவாக விற்கப்படுவதும், விற்போர் கைதாவதும் தொடர்கின்றன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பெரிய நிறுவனங்கள் பல தம் பண ஆட்டங்களை நிறுத்தின. ஆனால் புதிய இணைப்பு ஒன்று கைபேசிக்குச் செய்தியாக வர அது தடையாவதில்லை. சட்டம் கடையை மூடலாம். நம் மனத்திலுள்ள வேட்கைக்கு நாமே திட்டம் வகுக்க வேண்டும்.

பணத்தின் வழியை மாற்றுதல்

கடையின் கியூஆர் அட்டை இப்போது மனைவியின் வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டுள்ளது. ரொக்கத்தைப் பெற்றுக்கொள்ள, பௌர்ணமியன்று காலை நான்கு மணிக்கு மனைவியின் அண்ணன் கடைக்கே வருகிறார். பால், சர்க்கரைக் கடைகளுக்கு மனைவி நேரே பணம் செலுத்துகிறார். இவர் கையில் ஒரு நாளைக்கு 300 ரூபாய் இருக்கும்.

இவருடைய கைபேசியிலிருந்து யூபிஐ செயலிகளும் கடன் செயலிகளும் நீக்கப்பட்டன. வங்கி அட்டையின் இணையப் பயன்பாடு வங்கிச் செயலி வழியே நிறுத்தப்பட்டது. இவ்வசதியை வங்கிகள் அளிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909 எண்ணில் பதிவு செய்யப்பட்டது. முன்பின் அறியாத எண்களிலிருந்து வாட்ஸ்அப், டெலிகிராம் வழியே வருபவற்றை அது தடுக்காது. அவற்றைத் திறக்காமலே முடக்க வேண்டும்.

இவ்வேற்பாடு தண்டனையாகத் தோன்றக் கூடாது. ஆகவே ஆறு மாதம் என்று காலவரை வைக்கப்பட்டது. ஒவ்வொரு ஞாயிறும் கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்கு நோட்டைப் பார்க்கின்றனர். பணம் மனைவியிடம் இருக்கிறது. கணக்கு இருவருக்கும் தெரியும்.

மாற்றுப் பழக்கங்கள்

ஆட்டம் இவருக்குப் பரபரப்பு, கவலை மறதி, கடன் தீரும் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றைத் தந்தது. ஒரே பழக்கம் மூன்றின் இடத்தையும் நிரப்பாது.

இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை இவர் ஆடிய நேரம். அந்நேரம் இப்போது வெறுமையாய் விடப்படுவதில்லை. பக்கத்து வீட்டு நண்பருடன் பணம் வைக்காமல் கேரம் ஆடுகிறார். கவலை மிகும் நேரத்தில் கடைப் பாத்திரங்களைத் தேய்க்கிறார். கை ஈரமாயிருக்கும்போது கைபேசியை எடுக்க முடியாது என்பது அவரே கண்டறிந்த உத்தி. பௌர்ணமி விடியலில் குளியல், இட்லி, ஐந்து மணி நேரத் தூக்கம் என்ற வரிசை மாறுவதில்லை. கைபேசி மறு அறையில் இருக்கும்.

கடனுக்கு ஒரு தாள் ஒட்டப்பட்டது. கடன் கொடுத்தவர்களிடம் பேசி, வட்டி நீங்கலாக மாதம் 8,000 ரூபாய் அசலில் கழியும்படி ஒப்புக்கொள்ளப்பட்டது. 2,40,000 ரூபாய் முப்பது மாதங்களில் தீரும். நீண்ட காலந்தான். ஆனால் தாளில் எண் மாதந்தோறும் குறைகிறது. ஆட்டத்தில் அது கூடிக்கொண்டே சென்றது.

அழைக்க வேண்டியவர்கள்

ஆடும் வேட்கை ஓர் அலை போன்றது. எதிர்க்காமலும் இணங்காமலும் காத்திருந்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியத் தொடங்கும். அந்த அரை மணி நேரத்தைத் தனியே கழிக்காதிருக்கவே தொலைபேசிப் பட்டியல்.

1. உடனே நேரில் வரக்கூடியவர்: மனைவியின் அண்ணன்.
2. அவர் எடுக்காவிட்டால்: கேரம் ஆடும் நண்பர்.
3. பகல் நேரத்தில்: மருத்துவமனையில் உங்களைப் பார்க்கும் மனநல ஆலோசகர்.
4. எந்நேரமும்: டெலி மானஸ், 14416. கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

இந்த எண்கள் கைபேசியில் மட்டுமன்றி, கடைப் பெட்டியின் உட்புறத்திலும் எழுதி ஒட்டப்பட்டுள்ளன. என்ன சொல்வது என்பதும் முன்பே தீர்மானிக்கப்பட்டது: “மச்சான், ஆடணும்போல இருக்கு. பணம் கையில இருக்கு. கடைக்கு வாங்க.” காரணம் விளக்க வேண்டியதில்லை. அழைப்பைப் பெறுபவருக்கும் ஒரு விடை கற்பிக்கப்பட்டது: “வரேன். வர்ற வரைக்கும் போனை வைக்காதீங்க.” ‘மறுபடியுமா?’ என்று கேட்டால் அடுத்த முறை அழைப்பு வராது.

தவறிவிட்டால்

ஒரு முறை ஆடிவிட்டால், ‘எல்லாம் போயிற்று, இனி எதற்குத் தடுப்பது’ என்ற எண்ணம் எழும். முதல் ஆட்டத்தைவிட இவ்வெண்ணமே மிகுந்த சேதம் செய்கிறது. 200 ரூபாய் இழப்பு ஒரு சறுக்கல். அதை மறைத்து, மீட்க முயன்று 20,000 ரூபாயை இழப்பதே வீழ்ச்சி. ஆகவே திட்டத்தின் கடைசி வரிகள் இவை: அக்கணமே நிறுத்து. இழந்ததை மீட்க முயலாதே. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஒருவரிடம் சொல். மறுநாள், அந்த ஆறு கேள்விகளுக்கு மீண்டும் விடை எழுது.

குடும்பத்தார் கவனத்துக்கு

நகையை அடகு வைத்து மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைத்துவிடாதீர்கள். கடன் சுமை திடீரென நீங்கினால் மீண்டும் கடன் வாங்க வழி திறக்கிறது. உதவ விரும்பினால் தவணையைக் கடன் கொடுத்தவரிடமே நேரில் செலுத்துங்கள். காரணமற்ற எரிச்சல், கைபேசியுடன் குளியலறையில் நெடுநேரம் இருத்தல், சிறு கைமாற்றுகள், ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைத் தள்ளிப்போடுதல் ஆகியவை முன்னறிகுறிகள். குற்றம் சாட்டாமல், கண்டதை மட்டும் சொல்லிக் கேளுங்கள்.

‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நல்லது’ என்பது போன்ற பேச்சு வந்தால், அதனை வெறும் புலம்பலாகக் கொள்ளாதீர்கள். உயிரை விடும் எண்ணம் உள்ளதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாய் வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல் 14416 எண்ணை அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே அழைத்து வாருங்கள்.

நாட்காட்டியில் அடுத்த பௌர்ணமியைப் பாருங்கள். உங்களுக்கு அது சம்பள நாளாகவோ, சீட்டுப் பணம் விழும் நாளாகவோ, நெல் விற்ற நாளாகவோ இருக்கலாம். அந்நாளில் பணம் யார் கைக்குச் செல்லும், எத்தனை மணிக்கு, முதலில் யாரை அழைப்பீர்கள் என்று மூன்று வரிகளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது அத்தாளைக் கொண்டு வாருங்கள்.