முதல் பத்து மீட்டரை மண்ணில் படிக்கலாம்

குறுவட்டப் போட்டி நெருங்கினால் பல பள்ளி மைதானங்களில் ஒரே பயிற்சிதான் நடக்கும். மாணவர்களைக் கோட்டில் உட்கார வைத்து, கிளாப் அடித்து, சத்தம் கேட்டதும் பாயச் சொல்வார்கள். ஸ்டார்ட் என்றால் காது கேட்ட மறுகணம் கிளம்புவதுதான் என்ற நம்பிக்கை அது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்காது. 2009 பெர்லின் உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டர் இறுதியில் எட்டுப் பேரில் துப்பாக்கிச் சத்தத்துக்கு முதலில் அசைந்தவர் ரிச்சர்ட் தாம்சன், 0.119 நொடி. கடைசியாக அசைந்தவருக்கு 0.165 நொடி. உசேன் போல்ட்டுக்கு 0.146. தாம்சன் ஐந்தாவதாக வந்தார், போல்ட் 9.58 நொடியில் உலக சாதனை படைத்தார். அவர் முதல் பத்து மீட்டரைக் கடந்தது 1.89 நொடியில். எதிர்வினை நேரத்தைக் கழித்தால் மீதி 1.74 நொடியும் தரையைத் தள்ளிய நேரம். பயிற்சிக்கான நேரத்தை அங்கே செலவிடுவதுதான் நியாயம். ஒரே ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்கே வெளியேற்றம் என்ற விதி இருக்கும்போது, சத்தத்தை முந்தப் பழக்குவது ஆபத்தும்கூட.

தள்ளுவது சரியா என்று எப்படித் தெரியும்? ஸ்டாப்வாட்ச் உதவாது. பத்து மீட்டருக்குக் கையால் அழுத்தும் கடிகாரத்தின் பிழை, நாம் தேடும் முன்னேற்றத்தைவிடப் பெரியது. நம் பள்ளிகளில் பெரும்பாலும் இருப்பது மண் ட்ராக். அதைக் குறையாக நினைக்க வேண்டாம், இந்த ஒரு வேலைக்கு அது சின்தடிக்கைவிட மேல். கோட்டுக்கு முன்னால் ஐந்து மீட்டர் மண்ணை லேசாக நனைத்துச் சமன்செய்துவிட்டு ஒரு மாணவரை ஓடவிட்டுத் தடங்களைப் பாருங்கள். சரியாகத் தள்ளிய தடத்தில் கால்விரல் பகுதி ஆழமாகப் பதிந்து, மண் பின்பக்கம் சிதறியிருக்கும். குதிகால் பதிந்திருந்தாலோ, மண் தடத்துக்கு முன்னால் ஒதுங்கியிருந்தாலோ, கால் இடுப்புக்கு முன்னே போய் விழுந்து பிரேக் போட்டிருக்கிறது என்று பொருள். முதல் இரண்டு தடங்களில் இந்த பிரேக் இருந்தால் அடுத்த எட்டு மீட்டரில் என்ன செய்தாலும் ஈடுகட்டுவது கடினம்.

இனி பயிற்சி வரிசை. பிளாக்கைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். முதலில் நின்ற நிலையில், கால் முதல் தலைவரை ஒரே கோடாக முன்னே சாய்ந்து, இனி விழுந்துவிடுவோம் என்ற கணத்தில் ஓடத் தொடங்குவது. அது பழகியபின் ஒரு கையைத் தரையில் ஊன்றிய மூன்று புள்ளி ஸ்டார்ட். 'போட்டியில் பிளாக்தானே, நேரே அதிலேயே பழக்கினால் என்ன?' என்ற கேள்வி நியாயமானது. பதில் இதுதான்: சாய்வு என்பது இடுப்பில் மடிவதல்ல என்பதை உடல் புரிந்துகொள்ளும் முன் பிளாக்கில் உட்கார்ந்தவர், 'குனிந்தே ஓடு' என்ற கட்டளையை முதுகை வளைத்து நிறைவேற்றுவார். இடுப்பு பின்தங்கும், முழங்கால் மேலே வர இடம் இருக்காது, தடம் குட்டையாகும். நின்ற நிலையில் சாய்ந்தால் இந்த ஏமாற்று நடக்காது. இடுப்பு மடிந்தால் ஓடுபவருக்கே தடுமாற்றம் தெரிந்துவிடும்.

பிளாக்குக்கு வந்தபின் முழுக் கவனமும் 'செட்' நிலையில் இருக்கட்டும். 'ஆன் யுவர் மார்க்ஸ்' எளிது: கைகள் தோள் அகலத்துக்குச் சற்று வெளியே, விரல்கள் கோட்டைத் தொடாமல் அதன் பின்னால். ஸ்டார்ட் கெடுவது அடுத்த கட்டளையில்தான். உயரம் 155 சென்டிமீட்டர், பாத நீளம் 24 சென்டிமீட்டர் உள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். முன் பெடல் கோட்டிலிருந்து இரண்டு பாதம், அதாவது 48 சென்டிமீட்டர். பின் பெடல் மூன்று பாதம், 72 சென்டிமீட்டர். 'செட்' என்றதும் இடுப்பு தோளைவிடக் கொஞ்சம் உயர வேண்டும், முன் முழங்கால் ஏறக்குறைய செங்கோணம், பின் முழங்கால் 120 முதல் 130 டிகிரி. இந்த மாணவியின் முதல் தடம் கோட்டிலிருந்து 80 சென்டிமீட்டரில், குதிகாலோடு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகக் கேட்கும் திருத்தம் 'சின்ன அடி வை'. அது நோயை விட்டுவிட்டு அறிகுறியை அடக்குவது. அவர் பின்காலைப் பாருங்கள்: இடுப்பு மிக உயர்ந்து பின் முழங்கால் ஏற்கெனவே நிமிர்ந்திருக்கும். நிமிர்ந்த காலில் தள்ள ஒன்றும் மிச்சமில்லை, அதனால் உடல் முன்னே போகாமல் கால் மட்டும் எட்டிப் போகிறது. இடுப்பைச் சற்று இறக்கி, 'செட்'டில் இரண்டு பாதங்களும் பெடலைப் பின்னோக்கி அழுத்துவதை அவரே உணரச் செய்தால், அடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே தடம் 45, 50 சென்டிமீட்டருக்குப் பின்வாங்கும். அடுத்த அடிகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பத்து சென்டிமீட்டர் அளவில் நீண்டால் போதும்.

எதிர்ப் பக்கத் தவறும் உண்டு. தடம் 20 சென்டிமீட்டரிலேயே விழுந்து மாணவி தடுக்கித் தடுக்கி ஓடினால், தோள் கைகளுக்கு வெகு முன்னே போய் எடை முழுக்க விரல்களில் நிற்கிறது. வீடியோவில் பார்த்த பெரிய வீரர்களின் தாழ்ந்த கோணத்தைக் காப்பியடிப்பவர்களுக்கு இது வரும். அந்தக் கோணத்தைத் தாங்க அவர்களுக்கு இருக்கும் கால் பலம் பதினான்கு வயதில் இராது. தோளைக் கொஞ்சம் பின்வாங்கச் செய்யுங்கள். சற்று நிமிர்ந்து கிளம்பினால் பரவாயில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பெடலையும் இடுப்பையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று மண்ணாலும் சொல்ல முடியாது.

கால்களை வேகமாக மாற்றுவதுதான் வேகம், அதனால் ஏணிப் பயிற்சி வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். ஏணியில் பாதம் தரையைத் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது. முதல் அடிகளுக்கோ பாதம் தரையில் சற்று நீடித்துத் தள்ள வேண்டும். பள்ளிக்கு வாரத்தில் கிடைக்கும் இரண்டு மாலைகளை ஏணிக்குக் கொடுப்பது வீண். பக்கத்தில் லேசான மேடு இருந்தால் அதில் பத்து மீட்டர் ஏறி ஓடுவது நூறு அறிவுரைகளுக்குச் சமம், எட்டி வைத்த காலோடு மேட்டில் ஏறவே முடியாது. செங்குத்தான மேடு வேண்டாம்.

ஒரு மாலைக்கு ஆறு முதல் எட்டு ஓட்டம் போதும், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒன்றரை இரண்டு நிமிட ஓய்வு. மூச்சு வாங்கவில்லையே என்று ஓய்வைக் குறைக்காதீர்கள்; களைத்த நரம்பு பழகுவது களைத்த ஸ்டார்ட்டைத்தான். தடங்களின் நீளம் சுருங்கத் தொடங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடலாம். மாவட்டப் போட்டி சின்தடிக்கில் என்றால், சரிபார்த்த தட தூரங்களை அங்கே சுண்ணக்கட்டியால் குறித்து ஓரிரு ஓட்டம் பார்க்க வேண்டும். ஸ்பைக்ஸ் வழுக்காத தரையில் முதல் அடி ஓரளவு நீளும். வளரும் வயது என்பதால் பாத நீளத்தை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் திரும்ப அளந்து பெடலை மாற்றுங்கள்.