முகவரிடம் உள்ள விற்காத சரக்கு: இலாபத்தைக் கணக்கிடும் முறை

பெங்களூரு–ஓசூர் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் சாலை பிரியும் இடத்தில் உள்ளது சந்தாபுரா. அங்குள்ள சேலை வணிகர் ஒருவர், சென்னை முகவர் ஒருவருக்கு விற்றுத் தருமாறு 100 சேலைகளை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். வரியைச் சேர்க்காமல் இதன் இலாபத்தைக் கணக்கிடுவோம்.

ஒரு சேலையின் அடக்கவிலை ரூ. 4,000, மொத்தம் ரூ. 4,00,000. லாரி வாடகைக்கும் காப்பீட்டுக்கும் வணிகர் ரூ. 6,000 செலவிடுகிறார். சரக்கை இறக்கித் தம் கிடங்கில் சேர்க்க முகவர் ரூ. 2,000 செலவிடுகிறார், கிடங்கு வாடகைக்கும் விளம்பரத்துக்கும் ரூ. 3,000 ஆகிறது. 80 சேலைகள் தலா ரூ. 5,000 வீதம் விற்று, ரூ. 4,00,000 கிடைக்கிறது. கமிஷன் 10 விழுக்காடு, அதாவது ரூ. 40,000. தம் செலவையும் கமிஷனையும் கழித்துக்கொண்டு, விற்பனை அறிக்கையுடன் ரூ. 3,55,000 அனுப்புகிறார் முகவர்.

வணிகர் தம் கையிலிருந்து போட்டது ரூ. 4,06,000, வந்தது ரூ. 3,55,000. ஆகவே ரூ. 51,000 நட்டம் என்று கருதுவது பிழை. முகவரிடம் இருக்கும் 20 சேலைகளுக்கு இன்னும் வணிகரே உரிமையாளர். அவற்றின் மதிப்பைச் சேர்த்த பின்னரே இலாபம் தெரியும்.

அந்த மதிப்பு எவ்வளவு? சரக்கு விற்பனைக்குரிய இடத்தை அடையும் வரை ஆன செலவுகளை மட்டும் அடக்கவிலையுடன் சேர்க்க வேண்டும்: 4,00,000 + 6,000 + 2,000 = ரூ. 4,08,000. ஒரு சேலைக்கு ரூ. 4,080, 20 சேலைகளுக்கு ரூ. 81,600. கிடங்கு வாடகை, விளம்பரம், கமிஷன் ஆகியவை விற்பனைச் செலவுகள். அவற்றின் எப்பகுதியும் இருப்பின் மதிப்பில் சேராது.

இனி அனுப்பீட்டுக் கணக்கை முடிப்போம். வரவுப் பக்கத்தில் விற்பனை ரூ. 4,00,000, இருப்பு ரூ. 81,600, கூட்டுத்தொகை ரூ. 4,81,600. பற்றுப் பக்கத்தில் அடக்கவிலையும் எல்லாச் செலவுகளும் கமிஷனும் சேர்ந்து ரூ. 4,51,000. இலாபம் ரூ. 30,600.

விடையை எளிதில் சரிபார்க்கலாம். விற்ற ஒவ்வொரு சேலையிலும் கிடைத்த மிச்சம் 5,000 – 4,080 = ரூ. 920, 80 சேலைகளுக்கு ரூ. 73,600. அதிலிருந்து விற்பனைச் செலவு ரூ. 43,000 நீங்கினால், அதே ரூ. 30,600.

இரு வழியிலும் விடை ஒன்றாக வராவிட்டால், இருப்பின் மதிப்பைப் பார்க்க வேண்டும். கமிஷன் உள்ளிட்ட எல்லாச் செலவுகளிலும் ஐந்தில் ஒரு பங்கை அதில் சேர்த்திருந்தால், இருப்பு ரூ. 90,200 என்றும் இலாபம் ரூ. 39,200 என்றும் வரும். இல்லாத ரூ. 8,600 இலாபமாகத் தோன்றும். வங்கிக்குத் தரும் இருப்பு அறிக்கையிலும் அதே பிழை ஏறிவிடும்.

மற்றொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. எஞ்சிய சேலைகள் இனி ரூ. 4,200-க்கே விலைபோகும் என்ற நிலை வந்தால், கமிஷன் ரூ. 420 போகக் கைக்கு வருவது ரூ. 3,780 மட்டுமே. அது ரூ. 4,080-ஐ விடக் குறைவு என்பதால், குறைந்த தொகையிலேயே இருப்பை மதிப்பிட வேண்டும். அப்போது இலாபம் ரூ. 6,000 குறைந்து ரூ. 24,600 ஆகும். எனவே, ஆண்டுக் கணக்கை முடிக்குமுன் முகவரிடமிருந்து எஞ்சிய சேலைகளின் எண்ணிக்கையோடு அவற்றின் அன்றைய விலையையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று.