கட்டி படாத கஸ்ரட்

நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சமும் இல்லை, முட்டையும் இல்லை. அந்த நாள்களில் வந்து போகும் சொந்தக்காரருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு குளிரக் குளிர ஏதாவது வைக்க வேண்டும் என்றால் கைகொடுப்பது புரூட் சலட்டும் கஸ்ரட்டும்தான். கஸ்ரட் பவுடரே முட்டை ஒத்துக்கொள்ளாத ஒருவருக்காகப் பிறந்த பொருள். 1837இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் மருந்துச் சரக்கு விற்ற அல்பிரட் பேர்ட், முட்டை சாப்பிட முடியாத தன் மனைவிக்காகச் சோள மாவில் அதைச் செய்தார். இன்றைய பெட்டியில் இருப்பதும் பெரும்பாலும் சோள மா, வனிலா வாசம், மஞ்சள் நிறம், கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். விரதக்காரர் பெட்டியின் பின்பக்கத்தை ஒருமுறை வாசித்துவிட்டு வாங்குவது நல்லது.

இது மாச் சமாசாரம் என்று விளங்கினால், கட்டி ஏன் படுகிறது என்பதும் விளங்கிவிடும். ஒடியற் கூழ் காய்ச்சும்போது ஒடியல் மாவைக் கொதிக்கும் பானைக்குள் யாராவது நேரே கொட்டுவார்களா? தண்ணீரில் கரைத்துத்தானே விடுவோம். சூடான பாலில் உலர்ந்த மா விழுந்தால் மாவுருண்டையின் வெளிப்பக்கம் உடனே வெந்து பசையாகிவிடும். அந்தப் பசை உள்ளே ஈரம் போகவிடாது. பிறகு எவ்வளவு துழாவினாலும் அந்த உருண்டை உள்ளே பச்சை மாவோடு அப்படியே கிடக்கும்.

பத்துப் பேருக்கு ஒரு லீற்றர் பால் எடுங்கள். பசுப்பால் என்றால் முதலில் ஒரு கரண்டியளவு தனியாகக் கொதிக்க வைத்துப் பாருங்கள். காலையில் கறந்து வெளியில் கிடந்த பால் திரைந்தால் அந்தக் கரண்டியோடு போகட்டும். பால்மா என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஏறத்தாழ 125 கிராம், இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். கொதிதண்ணீரில் பால்மாவும் கட்டி படும். பிறகு எது கஸ்ரட் கட்டி, எது பால்மாக் கட்டி என்று தெரியாது.

அந்த ஒரு லீற்றரில் முக்கால் கோப்பைப் பாலை அடுப்பில் வைக்காமல் ஒதுக்கி, நன்றாக ஆறியதாக வைத்துக்கொள்ளுங்கள். புரூட் சலட்டுக்கு மட்டமாக வழித்த 4 மேசைக்கரண்டி கஸ்ரட் பவுடர் போதும். பிஸ்கட் அடுக்கிச் செய்யும் புடிங் போல இறுக வேண்டும் என்றால் 6. கிண்ணத்தில் பவுடரைப் போட்டு, முதலில் இரண்டு மூன்று கரண்டிப் பாலை மட்டும் விட்டுக் குழையுங்கள். கெட்டியாக இருக்கும்போதுதான் கரண்டியின் முதுகால் கட்டிகளை நசுக்க முடியும். எல்லாப் பாலையும் ஒரேயடியாக விட்டால் அவை நழுவி ஓடும். குழைந்த பிறகு மிச்சப் பாலை விட்டுக் கரையுங்கள்.

அடிப்பக்கம் தடித்த பாத்திரத்தில் மீதிப் பாலையும் 6 மேசைக்கரண்டி சீனியையும் ஒரு சிட்டிகை உப்பையும் மெல்லிய நெருப்பில் வையுங்கள். ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் நெருப்பை இன்னும் குறையுங்கள். இந்த இடத்தில்தான் பலருக்குப் பிழைக்கிறது. கரைத்து வைத்த மா இதற்குள் கிண்ணத்தின் அடியில் படிந்திருக்கும். மேலே தெளிந்த பாலை ஊற்றிவிட்டுக் கடைசியில் அடிச்சேறு சொத்தென்று விழுந்தால், பட்ட பாடெல்லாம் வீண். ஆகவே கிண்ணத்தை மறுபடி அடிவரை கலக்குங்கள். பாத்திரத்திலிருந்து ஓர் அகப்பை சூடான பாலை அதற்குள் விட்டுக் கலக்கி, பிறகு ஒரு கையால் நூல்போல ஊற்றிக்கொண்டு மறு கையால் துழாவுங்கள். அகப்பை அடியையும் மூலையையும் தொட்டுப் போக வேண்டும். மா முதலில் தடிப்பது அங்கேதான்.

தடித்தவுடன் இறக்கிவிடாதீர்கள். நடுவில் பொக், பொக் என்று குமிழி வெடிக்கத் தொடங்கிய பிறகும் ஒன்றரை நிமிடம் துழாவிக்கொண்டே இருங்கள். பச்சை மா வாசம் போவது அப்போதுதான். கடையில் வாங்கும் கஸ்ரட்டில் நாக்கில் மாப்போல ஒட்டும் சுவை வந்தால், அது வேகாத மாவின் சுவை. அகப்பையின் முதுகில் விரலால் ஒரு கோடு கீறுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம் சரி. சூட்டில் கொஞ்சம் தண்ணியாகத் தெரிந்தாலும் ஆறும்போது இறுகும். இனிப்பும் சூட்டில் ஒரு பிடி கூடவே தெரிய வேண்டும், குளிர்ந்தால் நாக்குக்குக் குறைந்துவிடும்.

சென்ற வருடத் திருவிழாவில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி பாத்திரத்தோடு வந்து நின்றாள். "அக்கா, எல்லாம் கட்டி பட்டுப்போச்சு. கொட்டிறதோ?" ஒரு கட்டியை எடுத்து விரலிடை நசுக்கிப் பார்த்தேன். உள்ளே வெள்ளை மா. "கொட்டாதை பிள்ளை, சூடு ஆற முதல் அரிதட்டைக் கொண்டா" என்றேன். வடித்ததும் தண்ணியாகிவிட்டது, ஏனென்றால் மாவில் ஒரு பங்கு கட்டியோடு போய்விட்டது. ஒரு மேசைக்கரண்டி பவுடரை ஆறிய பாலில் கரைத்து விட்டு, மறுபடி குமிழி வரக் காய்ச்சினோம், சரியாக வந்தது. கட்டி தோல்போல இழுபட்டால் அது மேலே படிந்த ஆடை. அதையும் வடித்தால் தீரும். ஆனால் மணல்போலத் திரிதிரியாகி நீர் பிரிந்தால் பால் திரைந்திருக்கிறது. அதற்கு வைத்தியம் இல்லை.

ஆடை படாமல் இருக்க, இறக்கிய பாத்திரத்தைக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய பெரிய சட்டிக்குள் வைத்துப் பத்து நிமிடம் துழாவுங்கள். பிறகு மெல்லிய பொலித்தீன் தாளைக் கஸ்ரட்டின் மேலேயே ஒட்டினாற்போல் மூடிப் பிரிஜ்ஜில் வையுங்கள். நம் வெயிலில் வெளியே விட்டு வைக்கும் பண்டம் இல்லை இது. சுவை பார்த்த கரண்டியை மறுபடி உள்ளே விட வேண்டாம். எச்சிலில் மாவைக் கரைக்கும் சத்து உண்டு, இறுகிய கஸ்ரட் காலையில் தண்ணியாகிக் கிடக்கும்.

வனிலாவுக்கு மேல் நான் சேர்ப்பது இரண்டு ஏலக்காய்தான். அதைத் தட்டிப் பாலோடு கொதிக்கவிட்டு எடுத்துவிடுவேன். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு அந்த வாசம் நன்றாகப் பொருந்தும். ரின்பால் சேர்க்க விரும்பினால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு நாலு மேசைக்கரண்டி விட்டு, சீனியை இரண்டு கரண்டியாகக் குறையுங்கள்.

பழத்தில் கவனம் வேண்டியது அன்னாசியும் பப்பாசியும். பச்சை அன்னாசிச் சாறு பாலைக் கைக்க வைக்கும். பப்பாசியும் கன நேரம் கிடந்தால் அப்படித்தான். அன்னாசியைச் சிறு துண்டாக்கிச் சீனி தூவி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, நீரை வடித்துப் போட்டால் கைக்காது. பப்பாசியைப் பரிமாறும் நேரத்தில் சேர்க்கலாம். வலிகாமத்துத் திராட்சையை இரண்டாக வெட்டி விதை எடுக்க வேண்டும். வத்தகைப்பழம் வேண்டாம், நீர் விட்டுக் கஸ்ரட்டைக் குலைத்துவிடும். பிரிஜ்ஜிலிருந்து எடுத்த கஸ்ரட் இறுகியிருந்தால் குளிர்ந்த பால் கொஞ்சம் விட்டு அடித்து இளக்கி, மாம்பழத்தையும் திராட்சையையும் கலவுங்கள். கதலி வாழைப்பழம் கறுத்துப்போகும், அதை ஆட்கள் பந்தியில் இருக்கும்போது வெட்டினால் போதும்.