வாலில் ஒரு சிறிய எஞ்ஜின்: ஏபியு-வை இயக்கும் முறை

விமானத்தின் வால் நுனியில் வட்டமாக ஒரு துளை தெரியும். அது ஏபியு எனப்படும் துணை எஞ்ஜினின் புகைபோக்கி. விமானத்தை முன்னால் தள்ளும் வேலை இதற்கு இல்லை. மின்சாரமும் அழுத்தக் காற்றும் தருவதுதான் இதன் பணி. ஏர்பஸ் ஏ320-இல் விமானிகள் இதை இயக்கும் முறையைப் பார்ப்போம்.

1. முதலில் பேட்டரியில் போதிய சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஏபியு-வைச் சுழற்றிக் கிளப்புவது பேட்டரிதான். அடுத்து, தீ எச்சரிக்கை வேலை செய்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

2. தலைக்கு மேலுள்ள பலகையில் MASTER SW பொத்தானை அழுத்தினால், வாலில் காற்று நுழையும் கதவு திறக்கும். சில நொடிகள் பொறுத்து START-ஐ அழுத்த வேண்டும்.

3. சுமார் ஒரு நிமிடத்தில் AVAIL என்ற பச்சை எழுத்து ஒளிரும். இனி விளக்குகளுக்கும் கருவிகளுக்கும் மின்சாரம் தயார். பச்சை வராமல் FAULT ஒளிர்ந்தால், ஏபியு தானாகவே நின்றுவிட்டது என்று பொருள்.

4. பிறகு APU BLEED-ஐ அழுத்தினால் அழுத்தக் காற்று கிடைக்கும். ஏசி ஓடுவது இந்தக் காற்றில்தான்.

5. பெரிய எஞ்ஜின்களைச் சுழற்றிக் கிளப்பவும் இதே காற்றுதான் வேண்டும். அதனால் அந்த நேரத்தில் ஏசி தானாக நின்றுவிடும். புறப்படும் முன் உங்கள் தலைக்கு மேல் வீசிய காற்று சட்டென ஓய்வது இதனால்தான். பழுது ஏதும் இல்லை.

6. இரண்டு எஞ்ஜின்களும் ஓடத் தொடங்கியதும் BLEED-ஐயும் பிறகு MASTER SW-ஐயும் அணைக்கிறார்கள். சூடு தணிவதற்காக ஏபியு சற்று நேரம் ஓடிவிட்டே நிற்கும்.

ஆபத்தில் எப்படி உதவும்?

ஏ320-இன் முதன்மை மின்னாக்கிகளைச் சுழற்றுவது பெரிய எஞ்ஜின்கள்தான். இரண்டும் முடங்கினால் மின்சாரமும் போய்விடும். அப்போது சிறு காற்றாடி ஒன்று வெளியே விரிந்து, மிக அவசியமான கருவிகளுக்கு மட்டும் மின்சாரம் தரும். மற்றவற்றுக்கு ஏபியு-வின் மின்சாரம் வேண்டும்.

2009 ஜனவரி 15 அன்று, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஏ320-இன் இரண்டு எஞ்ஜின்களும் பறவைகள் மோதி வலுவிழந்தன. உயரம் மூவாயிரம் அடிகூட இல்லை. சரிபார்ப்புப் பட்டியலை எடுத்துப் படிக்கும் முன்பே, சுமார் பத்து நொடிகளில், கேப்டன் சல்லன்பர்கர் ஏபியு-வைக் கிளப்பினார். பட்டியலிலோ அந்த வரி வெகு கீழே இருந்தது. அதுவரை படித்து முடிக்க விமானிகளுக்கு நேரமே கிடைக்கவில்லை. ஏபியு தந்த மின்சாரத்தால், வேகம் அளவுக்கு மீறிக் குறைந்து விமானம் விழாதபடி காக்கும் கணினிப் பாதுகாப்பு கடைசிவரை இயங்கியது. விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது: ஏபியு குடிப்பதும் அதே தொட்டியின் எரிபொருளைத்தான். தொட்டி வற்றினால் இதுவும் நின்றுவிடும். எரிபொருள் இருந்தாலும் இது தயாராக ஒரு நிமிடம் ஆகும். ஆகவே ஆபத்து நேர்ந்தால், தாமதிக்காமல் உடனே கிளப்புவதே சரி.