நான்கு நிமிட ‘தபாத்தா’ பயிற்சி: யாருக்கு ஏற்றது?

தபாத்தா என்றால் என்ன?

20 விநாடி முழு வேகத்தில் உடற்பயிற்சி, 10 விநாடி ஓய்வு. இதை எட்டு முறை செய்தால் நான்கு நிமிடம் ஆகும். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாத்தாவின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. பனிச்சறுக்கு ஓட்ட வீரர்களுக்குப் பயிற்றுநர் ஒருவர் கொடுத்து வந்த முறையை அவர் ஆராய்ந்து, 1996-இல் முடிவை வெளியிட்டார்.

அந்த ஆய்வில் ஒரு குழு வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் மிதமாகச் சைக்கிள் மிதித்தது. மற்றொரு குழு தபாத்தா முறையில் மிதித்தது. ஆறு வாரத்தில் இரு குழுவினருக்கும் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் உயர்ந்தது.

நான்கு நிமிடம் போதுமா?

பெரும்பாலோருக்குப் போதாது. ஆய்வில் பங்கேற்றவர்கள் உடல் வலிமையுள்ள இளைஞர்கள். ஏழெட்டுச் சுற்றில் மேலும் மிதிக்க முடியாத அளவுக்குக் களைத்தார்கள். பயிற்சிக்கு முன் 10 நிமிடம் உடலைச் சூடாக்கினார்கள். வாரத்தில் ஒரு நாள் 30 நிமிட மிதமான பயிற்சியும் செய்தார்கள்.

எட்டாவது சுற்றிலும் உங்களால் இயல்பாகப் பேச முடிந்தால், நீங்கள் செய்வது அந்த ஆய்வின் தபாத்தா அல்ல. மேலும், வாரம் ஐந்து நாள் செய்தாலும் மொத்தம் 20 நிமிடமே. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி, அல்லது 75 நிமிடக் கடும் பயிற்சி தேவை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

எப்படித் தொடங்கலாம்?

ராசா தோட்டப்புறத்தில் வசிக்கும், நோய் எதுவும் இல்லாத 45 வயதுப் பெண்மணியை எடுத்துக்கொள்வோம். அவர் முதலில் சில வாரம் தினமும் 30 நிமிடம் வேகமாக நடக்கட்டும். பிறகு வாரம் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு, இவ்வாறு செய்யலாம்:

• 5 நிமிடம் மெதுவான நடை.
• 20 விநாடி நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி வேக நடை, 10 விநாடி ஓய்வு, நான்கு சுற்று.
• 5 நிமிடம் மெதுவான நடை. உடனே உட்காரக் கூடாது, தலைசுற்றல் வரலாம்.

சிரமமில்லை என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று கூட்டலாம். மற்ற நாட்களில் நடைப்பயிற்சி தொடர வேண்டும். நடுப்பகல் வெயிலில் செய்ய வேண்டாம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

கீழ்க்கண்டவர்கள் முதலில் சுகாதார கிளினிக்கில் மருத்துவரைக் கேட்கவும்:

• இருதய நோய் அல்லது கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள்.
• இனிப்பு நீருக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள். சிலருக்குச் சர்க்கரை திடீரெனக் குறைந்து நடுக்கமும் வியர்வையும் வரலாம். கண் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் கடும் பயிற்சி ஆபத்து.
• கர்ப்பிணிகள், மூட்டு வலி உள்ளவர்கள், நெடுநாள் உடற்பயிற்சி செய்யாதவர்கள்.

காய்ச்சல் உள்ள நாளில் யாரும் செய்யக் கூடாது.

நெஞ்சில் அழுத்தம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மயக்கம், ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு ஆகியவை தெரிந்தால் உடனே நிறுத்தி 999-ஐ அழைக்கவும்.