ஒரே பெயர், இரண்டு அலைவரிசை: விவேக மின்குமிழை வைஃபையுடன் இணைப்பது எப்படி?

மாணவர்களே, கடையில் விற்கும் விவேக மின்குமிழ் அல்லது விவேகப் பிளக்கின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்கும் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வீட்டிலுள்ள ரௌட்டரோ 2.4, 5 என இரண்டு கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளிலும் ஒரே பெயரில் இயங்குகிறது. மின்குமிழை இணைக்க முயன்றால், செயலி நெடுநேரம் தேடிவிட்டு "இணைக்க முடியவில்லை" என்கிறது. உடனே பலரும் ரௌட்டரின் வைஃபையை இரண்டு பெயர்களாகப் பிரித்து விடுகிறார்கள். மின்குமிழ் இணைந்துவிடும். ஆனால், அதன் பிறகு வீட்டில் வேறு தொல்லைகள் தொடங்கும். பிரிக்காமலே இணைப்பது எப்படி என்பதுதான் இந்த வாரப் பாடம்.

ரிங்லெட் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வரிசை வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். முன்கூடத்தில் ரௌட்டர் இருக்கிறது. அங்கேதான் அக்கா இயங்கலை வகுப்பில் அமர்வார். பின்புறம் சமையலறை. அதைத் தாண்டிக் குளியலறைக்குப் போக இரண்டு சிமெண்டுப் படிகள். விடியற்காலைப் பனியில் அந்தப் படிகள் ஈரமாக இருக்கும். பாட்டி தினமும் 5 மணிக்கு அவ்வழியே போவார். ஆகவே, படிக்கு மேலே ஒரு விவேக மின்குமிழைப் பொருத்தி, 4.45-க்குத் தானாகவே எரியச் செய்ய வேண்டும். இதுதான் நம் வேலை.

ஏன் 2.4 மட்டும்?

படிவம் நான்கு இயற்பியலில் அலைகளைப் பற்றிப் படிக்கும்போது v = fλ என்ற சமன்பாடு வரும். வானொலி அலையின் வேகம் வினாடிக்கு 3 × 10⁸ மீட்டர். அதை 2.4 × 10⁹ ஆல் வகுத்தால் அலைநீளம் 0.125 மீட்டர், அதாவது 12.5 செண்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸுக்கு இது 6 செண்டிமீட்டர்தான். பொதுவாக, அலைநீளம் கூடிய அலை சுவரையும் பலகையையும் தாண்டும்போது குறைவாகவே வலுவிழக்கும். பின்வாசலில் இருக்கும் மின்குமிழுக்கு 2.4 ஏற்றதாக இருப்பது இதனால்தான்.

இன்னொரு காரணம் விலை. மின்குமிழுக்கு வரும் கட்டளை "எரி", "அணை", "ஒளியைக் குறை" என்ற அளவில்தான் இருக்கும். காணொளி பார்க்கத் தேவைப்படும் வேகம் அதற்குத் தேவையில்லை. ஆகவே, தயாரிப்பாளர்கள் ESP8266 போன்ற மலிவான சிறு சில்லுகளைப் பொருத்துகிறார்கள். அச்சில்லில் 2.4-க்கான வானொலிப் பகுதி மட்டுமே உண்டு. எந்த அமைப்பை மாற்றினாலும் அது 5 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கேட்காது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மலைநாட்டில் வைஃபை மெதுவானால் பனிமூட்டத்தைக் குறை சொல்வார்கள். பனிமூட்டத்திலுள்ள ஒரு நீர்த்துளியின் அளவு ஏறக்குறைய 0.01 மில்லிமீட்டர். 12.5 செண்டிமீட்டர் அலைக்கு முன்னால் அது பத்தாயிரம் மடங்குக்கும் மேல் சிறியது. வீட்டுக்குள் சில மீட்டர் தூரத்தில் பனிமூட்டம் வைஃபையைத் தடுப்பதில்லை. சிமெண்டுச் சுவர், நீர்த்தொட்டி, துத்தநாகத் தகடு ஆகியவைதாம் உண்மையான தடைகள்.

தடை எங்கே ஏற்படுகிறது?

புதிய மின்குமிழுக்கு உங்கள் வீட்டு வைஃபையின் பெயரும் தெரியாது, கடவுச்சொல்லும் தெரியாது. கைப்பேசிச் செயலிதான் அவ்விரண்டையும் அதற்குச் சொல்லித் தர வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழியில் மின்குமிழ் வேகமாகச் சிமிட்டும். கைப்பேசி, ரௌட்டர் வழியாக வெவ்வேறு நீளமுள்ள தகவல் பொட்டலங்களை அனுப்பும். உள்ளே இருப்பதை மின்குமிழால் படிக்க முடியாது. ஆனால், பொட்டலத்தின் நீளத்தை அளக்க முடியும். அந்த நீளங்களையே எழுத்துகளாக மாற்றிக் கடவுச்சொல்லைத் தெரிந்துகொள்கிறது. கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் அதன் அலையை மின்குமிழ் நேராகக் கேட்க முடியாது. ரௌட்டர் அதை 2.4-இல் மீண்டும் ஒலிபரப்ப வேண்டும். எல்லா ரௌட்டர்களும் இதை ஒழுங்காகச் செய்வதில்லை. பெரும்பாலான தோல்விகள் இங்கேதான் நிகழ்கின்றன.

இரண்டாவது வழியில் மின்குமிழ் மெதுவாகச் சிமிட்டும். அப்போது அதுவே ஒரு சிறு வைஃபையை உருவாக்கும். சில வகைகளில் அதன் பெயர் `SmartLife-` என்று தொடங்கும். கைப்பேசி அதில் இணைந்து தகவலை நேரடியாகக் கொடுத்துவிடும். மூன்றாவது வழி புளூடூத். இவ்விரு வழிகளிலும் கைப்பேசி முன்பு எந்த அலைவரிசையில் இருந்தது என்பது பெரும்பாலும் பொருட்டல்ல.

மூன்று வழிகளிலும் மின்குமிழுக்குக் கிடைப்பவை பெயரும் கடவுச்சொல்லும்தான். அலைவரிசை எண் கிடைப்பதில்லை. பெயரைத் தெரிந்துகொண்ட மின்குமிழ், தனக்குக் கேட்கும் 2.4-இல் அந்தப் பெயரைத் தேடி இணையும். எனவே, ஒரே பெயர் இருப்பது மின்குமிழுக்கு வசதிதான்.

இணைந்த பிறகு, கைப்பேசி 5-இலும் மின்குமிழ் 2.4-இலும் இருக்கலாம். ஒரே வீட்டுக்கு முன்வாசலும் பின்வாசலும் இருப்பதுபோல, இரண்டு அலைவரிசைகளும் ஒரே வலையமைப்புக்குள்தான் திறக்கின்றன. ஒன்றிலிருந்து வரும் கட்டளையை மற்றொன்றுக்கு ரௌட்டர் சேர்த்துவிடும்.

தவறாகப் பிரித்தால் என்ன ஆகும்?

நமது வீட்டில் அண்ணன் வைஃபையை `Rumah` என்றும் `Rumah_5G` என்றும் பிரிக்கிறார் என வைத்துக்கொள்வோம். அக்காவின் மடிக்கணினி `Rumah`-இல் ஒட்டிக்கொண்டால், ரௌட்டருக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருந்தும் அண்டை வீடுகளின் வைஃபை நெரிசலில் வகுப்பு தடைபடும். அப்பாவின் கைப்பேசி `Rumah_5G`-யில் இருந்தால், சமையலறைக்குப் போனதும் இணைப்பு வலுவிழக்கும். ஆனாலும் அது வேறு பெயருக்கு உடனே தாவாது. பெயர் ஒன்றாக இருந்தபோது இந்த மாற்றத்தைக் கைப்பேசியும் ரௌட்டரும் தாமே செய்துகொண்டன. போதாக்குறைக்கு, அடுத்த மின்குமிழை வாங்கும்போது செயலி `Rumah_5G` என்ற பெயரைக் கொடுத்துவிட்டால், அது 2.4-இல் இல்லாத பெயரைத் தேடிக்கொண்டே இருக்கும்.

இதைவிட மோசமானது, மின்குமிழை விருந்தினர் வைஃபையில் போடுவது. விருந்தினர் வைஃபை, வீட்டுக் கருவிகளிடமிருந்து பிரித்து வைப்பதற்காகவே அமைக்கப்பட்டது. ஒரே அறையில் இருந்தாலும் கைப்பேசியின் கட்டளை இணையத்துக்குப் போய்த்தான் மின்குமிழுக்குத் திரும்பி வரும். மழையில் இணையம் துண்டிக்கப்பட்டால் அந்த வழியும் அடைபடும்.

பழைய ரௌட்டர் ஒன்றைப் பின்னறையில் அப்படியே செருகுவதும் இதே போன்றதுதான். அது தனக்கென்று வேறொரு வலையமைப்பை உருவாக்கிவிடும். கண்டுபிடிப்பது எளிது. கைப்பேசியின் முகவரி `192.168.1.23` என்றும் மின்குமிழின் முகவரி `192.168.0.40` என்றும் இருந்தால், இரண்டும் வெவ்வேறு வலையமைப்பில் உள்ளன. வீட்டு ரௌட்டர்களில் வழக்கமாக முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய ரௌட்டரை `Access Point` என்ற நிலைக்கு மாற்றினால் இது சரியாகிவிடும்.

சரியான வழி

இப்போது பாட்டியின் மின்குமிழை இணைப்போம். முதலில் அதை ரௌட்டருக்கு அருகிலுள்ள விளக்குத் தாங்கியில் பொருத்துங்கள். பின்னர், கையேட்டில் உள்ளபடி அது மெதுவாகச் சிமிட்டும் நிலைக்குக் கொண்டு வாருங்கள். பல வகைகளில் சுவிட்சைச் சில தடவை அணைத்துப் போட வேண்டும். கைப்பேசியின் மொபைல் தரவை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால், மின்குமிழின் வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டு கைப்பேசி பாதியிலேயே விலகிப் போய்விடும். இருப்பிட அனுமதி கேட்டால் கொடுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை பெயரைப் படிக்கச் செயலிக்கு அது தேவைப்படும். பிறகு வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் கொடுங்கள்.

மின்குமிழுக்கு வேகமாகச் சிமிட்டும் நிலை மட்டுமே இருந்தால், ரௌட்டர் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டாம். மின்குமிழ் இணைந்ததும் 5-ஐ மீண்டும் இயக்குங்கள். அக்காவின் வகுப்பு இல்லாத நேரத்தில் இதைச் செய்வது நல்லது.

கருவிகள் பெருகி, தனிப் பெயர் தேவை என்று தோன்றினால், முதன்மைப் பெயரை இரண்டு அலைவரிசைகளிலும் அப்படியே விட்டுவிடுங்கள். 2.4-இல் மட்டும் மூன்றாவதாக ஒரு பெயரைச் சேருங்கள். சில ரௌட்டர்களில் இதற்கு `IoT Network` என்ற பகுதியே உண்டு. அது விருந்தினர் வைஃபையாக இல்லாமல் அதே வலையமைப்பில் இருக்கிறதா என்று மேலே சொன்ன முகவரிச் சோதனையால் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இணையவில்லையா? இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, பாதுகாப்பு முறை. அது WPA3 மட்டும் என்று இருந்தால் பல மின்குமிழ்களுக்குப் புரியாது, WPA2-க்கு மாற்றுங்கள். மற்றொன்று, சேனல். மலேசியாவில் 2.4-இல் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட சில கருவிகள் 12, 13 ஆகியவற்றைத் தேடுவதே இல்லை. ரௌட்டர் தானாக 13-க்குப் போய்விட்டால் அவற்றுக்கு வைஃபையே தெரியாது. 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இம்மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிவதில்லை.

கடைசியாக, மின்குமிழைப் படிக்கு மேலே மாற்றிப் பொருத்தி அதன் வலுவைப் பாருங்கள். சில செயலிகள் அதை dBm என்ற அலகில் காட்டும். பூச்சியத்துக்கு நெருங்க நெருங்க வலு அதிகம். −60 நல்லது. −80 என்றால் மின்குமிழ் அடிக்கடி தொடர்பை இழக்கும். அப்போது கடவுச்சொல்லையும் பெயரையும் மாற்றிப் பயனில்லை. ரௌட்டரைச் சுவர் மூலையிலிருந்து வெளியே நகர்த்தி மீண்டும் அளந்து பாருங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

ரௌட்டரை அணைக்காமல், அதில் செருகியிருக்கும் இணையக் கம்பியை மட்டும் பெரியவர்களின் அனுமதியோடு கழற்றுங்கள். கைப்பேசியில் மொபைல் தரவையும் நிறுத்திவிட்டுச் செயலியில் மின்குமிழை எரிய விடுங்கள். எரிந்தால், கட்டளை வீட்டுக்குள்ளேயே பயணம் செய்கிறது. எரியாவிட்டால், முதலில் இரண்டு முகவரிகளையும் ஒப்பிடுங்கள். அவை ஒரே வலையமைப்பில் இருந்தும் எரியவில்லை என்றால், அந்தச் செயலி இணையத்தை நம்பியே இயங்குகிறது என்று பொருள். ஈரப்படியில் நடப்பவருக்காக வைக்கும் விளக்குக்கு, சுவரில் சாதாரண சுவிட்சும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.