டிங்கிக் காய்ச்சலும் நாம் கொடுக்கும் காய்ச்சல் மருந்தும்

மலேசியாவில் வாழும் நமக்கு டிங்கிக் காய்ச்சல் புதியதன்று. 2019ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயால் பாதிக்கப்பட்டனர். 182 பேர் உயிரிழந்தனர். கொசுவை ஒழிப்பது பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். ஆனால் காய்ச்சல் வந்த முதல் இரண்டு மூன்று நாள்களில், நோய் இன்னதென்று தெரியாத வேளையில், வீட்டில் எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்பது பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. மருந்துக்கடையில் பல்லாண்டுகள் பணியாற்றி வரும் மருந்தாளர் என்ற முறையில், இந்த ஒரு செய்தியை மட்டும் விளக்க விரும்புகிறேன்.

இரண்டு மருந்துகள், இரண்டு குணங்கள்

காய்ச்சலுக்கு நாம் பெரும்பாலும் நாடுவது இரண்டு மருந்துகளையே. ஒன்று பாரசிட்டமால். பனடால் என்ற பெயரில் எல்லா வீடுகளிலும் இருப்பது இதுதான். மற்றொன்று ஐபுப்ரோஃபென். நியூரோஃபென், புரூஃபென் முதலிய பெயர்களில் மாத்திரையாகவும் குழந்தைகளுக்கான சிரப்பாகவும் வருகிறது.

நம் உடலில் புராஸ்டாகிளாண்டின் எனப்படும் பொருள்கள் சுரக்கின்றன. மூளையில் இவை கூடும்போது காய்ச்சல் ஏறுகிறது. பாரசிட்டமால் பெரும்பாலும் மூளையளவிலேயே வேலை செய்து சூட்டைத் தணிக்கிறது. ஐபுப்ரோஃபெனோ உடல் முழுவதும் இப்பொருள்களைக் குறைத்துவிடுகிறது. வீக்கத்துக்கும் மூட்டு வலிக்கும் அது நன்றாகக் கேட்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் இதே பொருள்கள்தாம் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கின்றன. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் செல்லவும் உதவுகின்றன. இவற்றோடு உறவுடைய மற்றொரு பொருள், காயம் பட்ட இடத்தில் இரத்தத் தட்டணுக்கள் ஒன்று சேர்ந்து அடைப்பை உண்டாக்கத் துணைபுரிகிறது. ஐபுப்ரோஃபென் இம்மூன்று பாதுகாப்புகளையும் சிறிது தளர்த்திவிடுகிறது. நல்ல உடல்நிலையில் உள்ளவர் இரண்டொரு நாள் சாப்பிட்டால் இதனால் பெரும்பாலும் தீங்கில்லை.

டிங்கியில் ஏன் ஆகாது?

டிங்கிக் கிருமி தாக்குவதும் ஏறக்குறைய இதே மூன்று இடங்களைத்தான். முதலாவதாக, இந்நோயில் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை சரிகிறது. எண்ணிக்கை குறைந்த தட்டணுக்களை மேலும் செயலிழக்கச் செய்யும் மருந்தை அப்போது கொடுப்பது பொருந்தாது. இரண்டாவதாக, டிங்கியில் இரத்தக் கசிவு ஏற்படக்கூடிய முக்கியமான இடங்களுள் இரைப்பையும் குடலும் அடங்கும். அங்கேயே இம்மருந்து புண்ணையும் உண்டாக்கக்கூடும். மூன்றாவதாக, நோய் முற்றும்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது; இரத்தம் தடிக்கிறது; சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. ஐபுப்ரோஃபென் அதை மேலும் குறைத்துவிடும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒருவேளை ஐபுப்ரோஃபென் சாப்பிட்ட டிங்கி நோயாளிகள் அனைவருக்கும் இரத்தம் கசிவதில்லை. அதனால் இத்தனை பேருக்குத் தீங்கு நேரும் என்று அளந்து கூறும் ஆய்வுச் சான்றும் வலுவானதன்று. ஆயினும் தீங்கு வரக்கூடிய வழி தெளிவாகத் தெரிகிறது. அதைவிடப் பாதுகாப்பான பாரசிட்டமால் கையிலேயே இருக்கிறது. எனவேதான் உலகச் சுகாதார நிறுவனமும் நம் நாட்டு மருத்துவர்களும், டிங்கி என்று ஐயம் எழுந்தவுடனேயே ஐபுப்ரோஃபெனையும் அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகளையும் தவிர்க்கச் சொல்கின்றனர்.

அந்த இனத்தில் நமக்குப் பழக்கமான பெயர்கள் பல உண்டு. மாதவிடாய் வலிக்கும் பல்வலிக்கும் சாப்பிடும் பொன்ஸ்தான், மூட்டு வலிக்குரிய வால்டரென், நப்ரோக்சென் ஆகியவையும் அதே இனமே. ஆஸ்பிரினோ இன்னும் கடுமையானது. ஐபுப்ரோஃபெனின் விளைவு ஏறக்குறைய ஒரு நாளில் தட்டணுக்களை விட்டு நீங்கும். ஆஸ்பிரின் பட்ட தட்டணு தன் ஆயுள் முழுவதும், அதாவது ஒரு வாரத்துக்கும் மேலாக, சரிவர வேலை செய்யாது. “ஓர் ஊசி போட்டுவிடுங்கள், சீக்கிரம் இறங்கிவிடும்” என்று கேட்பதும் வேண்டாம். தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது சதையில் போடும் ஊசி உள்ளே இரத்தக்கட்டை ஏற்படுத்தலாம்.

மாற்றி மாற்றிக் கொடுப்பது பற்றி

பாரசிட்டமாலையும் ஐபுப்ரோஃபெனையும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் கொடுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் பரவியுள்ளது. இதற்கு ஓரளவு அடிப்படையும் உண்டு. 2008இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டு மருந்துகளையும் பெற்ற குழந்தைகளுக்கு, பாரசிட்டமால் மட்டும் பெற்றவர்களைவிட, முதல் 24 மணி நேரத்தில் காய்ச்சல் இருந்த நேரம் சுமார் நான்கரை மணி குறைவாக இருந்தது. ஆனால் இதனால் கிடைப்பது சில மணி நேரச் சுகமே. நோய் விரைவில் குணமாவதில்லை. அந்த ஆய்வு டிங்கி பரவும் நாட்டில் நடந்ததுமன்று.

இம்முறையில் அளவும் தவறிப் போகிறது. பாரசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் கொண்ட புட்டியும் உண்டு. 250 மில்லிகிராம் கொண்ட புட்டியும் உண்டு. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு முதல் புட்டியில் 10 மில்லி கொடுத்தால் 240 மில்லிகிராம். அது சரியான அளவு. அது தீர்ந்து இரண்டாவது புட்டியை வாங்கி, பழக்கத்தில் அதே 10 மில்லியைக் கொடுத்தால் 500 மில்லிகிராம் ஆகிவிடும். பகலில் பாட்டியும் இரவில் தாயும் இரண்டு புட்டிகளைக் கையாளும் வீட்டில், எதை யார் எப்போது கொடுத்தார் என்பதே குழம்பிவிடும்.

ஒரு பிள்ளையின் ஐந்து நாள்கள்

நான் அறிந்த ஒரு குடும்பத்தில் ஏழு வயதுப் பையன். எடை 20 கிலோ. ஞாயிறு இரவு காய்ச்சல் தொடங்கியது. திங்கள் மாலை தாயார் கடைக்கு வந்து, “அண்ணே, பனடால் கொடுத்தும் சூடு இறங்கல. அந்த ஆரஞ்சு மருந்தையும் கொடுங்க, மாத்தி மாத்திக் கொடுத்துப் பார்க்கிறேன்” என்றார். நான் மூன்று கேள்விகள் கேட்டேன். சளி, இருமல் உண்டா? இல்லை. கண்ணுக்குப் பின்னால், தலையில், உடம்பில் வலி உண்டா? உண்டு. அக்கம் பக்கத்தில் யாருக்காவது டிங்கி வந்ததா? அதே அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் இருவருக்கு வந்திருக்கிறது. ஐபுப்ரோஃபெனைக் கொடுக்காமல், பாரசிட்டமாலை மட்டும் 250 மில்லிகிராம் வீதம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் போகாமல் கொடுக்கவும், மறுநாளே இரத்தப் பரிசோதனை செய்யவும் சொன்னேன். 39.5 பாகை 38.5 ஆனாலே போதும், பிள்ளை கண் திறந்து நீர் குடித்தால் மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது என்றும் விளக்கினேன்.

செவ்வாயன்று கிளினிக்கில் டிங்கி என உறுதியாயிற்று. தட்டணுக்கள் 1 இலட்சத்து 68 ஆயிரம். இரத்தத்தின் தடிப்பைக் காட்டும் ஹீமட்டோகிரிட் 36. வியாழன் காலை காய்ச்சல் தானே இறங்கியது. வீட்டார் நிம்மதி அடைந்திருக்கலாம். ஆனால் பையன் சோர்ந்து கிடந்தான், மூன்று முறை வாந்தி எடுத்தான், வயிறு வலிக்கிறது என்றான். உடனே கொண்டு சென்றபோது தட்டணுக்கள் 62 ஆயிரமாகவும் ஹீமட்டோகிரிட் 44 ஆகவும் இருந்தன. ஹீமட்டோகிரிட் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது, நீர் குழாய்களை விட்டுக் கசிகிறது என்பதற்கு அடையாளம். மருத்துவமனையில் நரம்பு வழியே நீர் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் பையன் வீடு திரும்பினான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. டிங்கியில் ஆபத்தான கட்டம், காய்ச்சல் இறங்கும் வேளையில், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தொடங்குகிறது. இரண்டு மருந்துகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தால், சூடு இறங்கியது மருந்தாலா நோயின் கட்டத்தாலா என்று பிரித்தறிவது கடினமாகியிருக்கும். வயிற்று வலியையும் வாந்தியையும் “மருந்து வயிற்றைக் கெடுத்துவிட்டது” என்று ஒதுக்கியிருப்பார்கள். ஏனெனில் ஐபுப்ரோஃபெனின் பக்க விளைவும் டிங்கியின் எச்சரிக்கை அடையாளமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன.

டிங்கி இல்லாவிட்டாலும் யாருக்கு ஆகாது?

வயிற்றுப் புண் உள்ளவர், சிறுநீரக நோயாளி, இதயம் பலவீனமானவர், வலி மருந்தால் ஆஸ்துமா கூடுபவர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர், ஐந்து மாதம் கடந்த கர்ப்பிணி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, அம்மை கண்டவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபெனைத் தொடக்கூடாது. வயிற்றுப்போக்கால் நீரிழந்தவருக்கும் அது ஆகாது. நம் பெரியவர்களில் பலர் இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும், சிறுநீர் பிரிய ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார்கள். இவ்விரண்டோடு ஐபுப்ரோஃபெனும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம்.

இதயத்துக்காகத் தினமும் சிறு அளவு ஆஸ்பிரின் சாப்பிடுபவர் காய்ச்சல் கண்டவுடன் அதைத் தாமாக நிறுத்தக்கூடாது. தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டும் இருக்கக்கூடாது. அன்றே மருத்துவரிடம் சென்று, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

டிங்கி என்று ஐயம் இருந்தால் பாரசிட்டமால் மட்டுமே. அதிலும் அளவு முக்கியம். டிங்கி கல்லீரலையும் தாக்குகிறது. பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் 10 முதல் 15 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 3 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை ஆறுக்கு மேல் வேண்டாம். சளி மருந்துப் பொட்டலத்திலும் பாரசிட்டமால் கலந்திருக்கலாம். பெயரைப் படித்துப் பாருங்கள். சூடு அதிகமானால் வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். பார்லித் தண்ணீர், கஞ்சி, உப்புச் சர்க்கரைக் கரைசல் எனச் சிறிது சிறிதாக அடிக்கடி குடிக்கச் செய்யுங்கள்.

தெரியாமல் ஒருவேளை ஐபுப்ரோஃபென் கொடுத்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. அத்தோடு நிறுத்திவிட்டு, கொடுத்த நேரத்தையும் அளவையும் மருத்துவரிடம் கூறுங்கள். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பு மலம், மயக்கம், கைகால் சில்லிடுதல், ஐந்தாறு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் டிங்கி இல்லை என்று வந்தாலும், முதல் நாள் முடிவை முழுதாக நம்பிவிட முடியாது. மருத்துவர் உறுதியாகச் சொல்லும்வரை அந்த ஆரஞ்சு மருந்து அலமாரியிலேயே இருக்கட்டும்.